தாலி கட்டும் ஷாட் பாட்டில் எங்கே விழ வேண்டும்? கல்யாண ஹைலைட்ஸுக்கு மூன்று வரிசைகள்

ஒரே பாட்டுக்குள் ஒரு கல்யாணத்தை அடக்க வேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு பண்ணிவிட வேண்டும்: தாலி கட்டும் ஷாட் பாட்டில் எந்த இடத்தில் விழப்போகிறது? அதற்கு இடம் குறித்துவிட்டால் மீதி எல்லாம் முன்னாலோ பின்னாலோ தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். குறிக்காமல் உட்கார்ந்து, நல்ல ஷாட்டாக ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே போனால், பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரத்தில் திரையில் யாரோ சாம்பார் வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருப்பார்.

புழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. நடந்தது நடந்தபடியே போவது ஒன்று. தாலியை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிட்டு அப்புறம் பின்னால் திரும்புவது இன்னொன்று. முகூர்த்தக் காலையை மட்டும் வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, மற்ற நிகழ்ச்சிகளைப் பாட்டின் போக்குக்கு எங்கே பொருந்துமோ அங்கே சொருகுவது மூன்றாவது. என் ஓட்டு பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான், ஆனால் எல்லாக் கல்யாணத்துக்கும் இல்லை. எப்போது எது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேச்சுக்கு ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் பக்கம் ஒரு மண்டபம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அதைத் தொடர்ந்து ரிசப்ஷன். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 7:30 வரை முகூர்த்தம். மூன்று கேமரா. பாட்டு, மணப்பெண்ணே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு மெலடி டூயட். 4 நிமிடம் 48 செகண்டு ஓடுகிறது.

பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் சினிமாப் பாட்டுக்கு என்று ஒரு கட்டுமானம் இருக்கிறது: தொடக்க இசை, பல்லவி, முதல் இன்டர்லூட், முதல் சரணம், பல்லவியின் ஓரிரு வரி, இரண்டாவது இன்டர்லூட், இரண்டாவது சரணம், கடைசியில் பல்லவி திரும்ப வந்து முடிவது. வெளிநாட்டு எடிட்டிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பாட்டில் வேலை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் படிப்படியாக ஏறிக் கடைசியில் ஒரு பெரிய உச்சத்தில் போய் நிற்கும். நம் பாட்டில் இன்டர்லூட் என்று ஒரு தனி உலகம் நடுவில் வருகிறது. அங்கே வரிகள் கிடையாது, வேறு வாத்தியம் வரும், சில சமயம் தாளமே மாறும். ஹைலைட்ஸ் பண்ணுகிறவருக்கு அந்த இடம் ஒரு வரப்பிரசாதம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 பீட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட் 0.6 செகண்டு, நான்கு பீட் சேர்ந்த ஒரு பார் 2.4 செகண்டு. 25 ஃபிரேம் டைம்லைனில் ஒரு பார் சரியாக 60 ஃபிரேம். டைம்லைனில் பாட்டை மட்டும் போட்டு ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் `M` அழுத்தினால் மார்க்கர் விழும். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் மூன்றிலும் அதே கீதான். கணக்குப் போட்டு மார்க்கர் வைக்கலாமே என்று தோன்றும். கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்த புதுப் பாட்டுக்கு அது சரிவரும். எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த பழைய பாட்டில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும், சரணத்துக்கு வருவதற்குள் கணக்கு மார்க்கர் பாட்டை விட்டு விலகிவிடும். கையால் தட்டுவதே நல்லது.

இப்போது 4:48 என்பது 120 பார். அதை அப்படியே வைத்துக்கொண்டால் படம் இழுக்கும், கட்டாயம் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில் ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. முதல் இன்டர்லூட்டும் இரண்டாவது இன்டர்லூட்டும் பல்லவி முடிகிற அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் முதல் பல்லவி முடிந்த உடனே, நடுவில் இருக்கும் இன்டர்லூட், சரணம், பல்லவி வரி எல்லாவற்றையும் தாண்டி நேராக இரண்டாவது இன்டர்லூட்டுக்குக் குதித்தால் ஒட்டு தெரியாது. நம் பாட்டில் இப்படி 42 பார் போய் 78 மிஞ்சுகிறது: தொடக்க இசை 8 பார், பல்லவி 16, இன்டர்லூட் 14, சரணம் 22, கடைசிப் பல்லவி 18. மொத்தம் 3 நிமிடம் 7 செகண்டு. எந்தச் சரணத்தை வைத்துக்கொள்வது என்பதை வரிகளைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். மெட்டில் மயங்கி விட்டுவிடுகிறோம், டூயட்டாகவே இருந்தாலும் இரண்டாவது சரணத்தில் பிரிவு, கண்ணீர், மரணம் என்று ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பெரியவர்கள் அதை முதல் தடவையிலேயே பிடித்துவிடுவார்கள்.

பாட்டு ரெடி. அடுத்தது தருணங்களைப் பொறுக்குவது. ஏழெட்டு மணி நேர ஃபுட்டேஜிலிருந்து முதல் சுற்றில் அரை மணி நேரத்துக்கு இறக்குங்கள், இரண்டாவது சுற்றில் பத்து நிமிடத்துக்கு. அந்தப் பத்து நிமிடம் வந்த பிறகுதான் பாட்டின் மேல் கை வைக்க வேண்டும். பொறுக்கும்போது நான் ஒவ்வொரு ஷாட்டிடமும் கேட்பது, இதில் யாருக்காவது ஏதாவது ஆகிறதா என்பதுதான். மேடை அலங்காரத்தை கிம்பலில் சுற்றி எடுத்த ஷாட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வாழைமரம் கட்டிய வாசலும் அப்படியே. இதெல்லாம் ஒன்றிரண்டு போதும், மூச்சு விடுவதற்கு. ஆனால் கூரைப்புடவை மாற்றிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வரும் பெண்ணைப் பார்த்ததும் அவள் அப்பா பேசிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் நிறுத்துகிறாரே, அந்த ஷாட் கொஞ்சம் ஆடியிருந்தாலும், ஃபோகஸ் ஒரு நொடி தப்பியிருந்தாலும் உள்ளே வர வேண்டியதுதான்.

'எங்க அத்தை வரவே இல்லையே' என்ற புகார் எப்படியும் வரும். முழு வீடியோ என்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று தனியாகக் கொடுக்கப்போகிறோம், வந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோர், தாத்தா பாட்டி, தாய்மாமன், மாப்பிள்ளையின் சகோதரி: இவர்கள் மட்டும் ஹைலைட்ஸில் இல்லாமல் போகக் கூடாது. அது கலைக்காக இல்லை, நம் நிம்மதிக்காக.

சரி, மூன்று வரிசைக்கு வருவோம்.

முதல் வழி, நடந்தபடியே போவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வீட்டுக்காரர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு சிக்கல் உண்டு: ரிசப்ஷன் முதல் நாளே முடிந்துவிடுகிறது. அதாவது லைட்டு, டான்ஸ், கேக், கோட்டு சூட்டு, நண்பர்கள் கூச்சல் எல்லாம் முதலில் வருகிறது. விடியற்காலை அமைதி, ஹோமப் புகை, பட்டு, கண்ணீர் எல்லாம் பின்னால். பாட்டோ நேர் எதிராக நடக்கிறது. தொடக்க இசையில் ஒரு புல்லாங்குழலோ கிடாரோ தனியாக மெல்ல ஒலிக்கும். அதன் மேல் எல்இடி சுவருக்கு முன்னால் குதிக்கும் நண்பர்களை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அப்புறம் இன்டர்லூட்டில் வயலினும் தாளமும் சேர்ந்து கிளம்பும் நேரத்தில் நம்மிடம் மிச்சம் இருப்பது ஐயர் மந்திரம் சொல்லும் ஷாட்டுகள். வேகத்தைக் கூட்ட ஸ்பீடு ரேம்ப், ஜூம், ஃபிளாஷ் என்று எடிட்டர் செயற்கையாக எதையாவது போட ஆரம்பிப்பது இப்படித்தான். வரிசை தப்பாகப் போனதற்கு எஃபெக்டைப் போட்டு ஈடுகட்டுகிற வேலை அது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதல் அரை நிமிடத்திலேயே இருவரும் ஜோடியாக மேடையில் நின்று பரிசு வாங்கிவிடுகிறார்கள். பிறகு தாலி கட்டும்போது பார்க்கிறவர் மனதில் அது ஏற்கெனவே நடந்து முடிந்த கல்யாணம் மாதிரி ஆகிவிடுகிறது.

அதே சமயம், கோயில் கல்யாணம், அல்லது ரிசப்ஷனே இல்லாமல் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும் கல்யாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த முதல் வழியை எடுக்கலாம். அங்கே நிகழ்ச்சியே பாட்டு மாதிரி மெல்லத் தொடங்கி ஏறுகிறது. விடியற்காலை அலங்காரம் தொடக்க இசைக்கு, உறவினர் வருகை பல்லவிக்கு என்று தானாக விழும். அதைப் போய்க் குழப்புவானேன்?

இரண்டாவது வழி, தாலியை முதலில் காட்டுவது. முதல் ஐந்து செகண்டில் கெட்டிமேளம், அட்சதை மழை, பெண் தலை குனிந்திருக்கிறாள், கட். கறுப்பு. பெயர். பிறகு பாட்டு தொடங்கி, அலங்காரம், மருதாணி என்று பின்னால் போகிறது. ஃபோனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களை நிறுத்த இது வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை. பிரச்சினை ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் தெரியும். தாலி மறுபடி வர வேண்டிய இடம் வருகிறது. அதே ஷாட்டைத் திரும்பக் காட்டினால் சப்பென்று இருக்கிறது, காட்டாவிட்டால் படம் எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கிறது. இதற்கு ஒரு பாதி வழி உண்டு: முதலில் தாலியைக் காட்டாதீர்கள், அதற்கு முந்தின நொடியைக் காட்டுங்கள். ஐயர் கை உயர்கிறது, தவில்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், குச்சி மேலே போகிறது, கட். இது கேள்வியை எழுப்புமே தவிர விடையைக் கொடுத்துவிடாது. ஆனால் அந்தத் தவில்காரர் ஷாட் கையில் இருந்தால்தான் இது நடக்கும், பெரும்பாலும் யாரும் அதை எடுத்திருக்க மாட்டார்கள். எல்லாக் கேமராவும் மணவறைக்குள் திரும்பியிருக்கும் நேரம் அது.

இந்த வழியை முழுதாக எடுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. தாலி ஷாட் மட்டும் பிரமாதமாக விழுந்து, காலைச் சடங்குகளின் மற்ற ஃபுட்டேஜ் பலவீனமாக இருந்தால், அதாவது வெளிச்சம் போதாமல், முன்னால் ஆட்கள் மறைத்து, ஒரே கோணத்தில் இருந்தால், படிப்படியாகத் தாலியை நோக்கி ஏறுவதற்கு நம்மிடம் படிக்கட்டே இல்லை. அப்போது இருக்கும் நல்லதை முதலில் வைத்துவிட்டு, மீதியை ரிசப்ஷனும் நண்பர்களுமாக ஓட்டிவிடலாம்.

மூன்றாவது வழியை நம் 78 பாரில் வைத்துப் பார்க்கலாம்.

தொடக்க இசையின் 8 பார், 19 செகண்டு, முகூர்த்தக் காலைக்கு. இருட்டு இன்னும் பிரியாத மண்டபம், வாசலில் கோலம், பெண்ணின் அறையில் ஜடைக்குப் பூ வைத்துத் தைக்கும் கைகள், மாப்பிள்ளை அறையில் வேட்டி கட்டிவிடும் மாமா. நான்கு ஷாட், அவ்வளவுதான், ஒவ்வொன்றும் நான்கு செகண்டுக்குக் குறையாமல். பல்லவி தொடங்கும் முதல் சொல்லில் பெண்ணின் முகம் முதல் தடவையாக முழுசாக வர வேண்டும். அதுவரை கை, பின்னல், கண்ணாடியில் பாதி என்று ஒளித்து வைத்திருந்தால் அந்த வரவுக்கு ஒரு எடை கிடைக்கும். பல்லவியின் 38 செகண்டில் இருவரும் மணவறைக்கு வந்து, மாலை மாற்றி, உட்கார்ந்தாகிவிட்டது.

இன்டர்லூட் 14 பார், 34 செகண்டு. முதல் நாள் சாயங்காலம் முழுவதும் இங்கேதான் போகிறது. மாப்பிள்ளை அழைப்பில் காரின் முன்னால் ஆட்டம், ரிசப்ஷன் வாசல், நண்பர்கள், கேக், சிரிப்பு. ஒரு பாருக்கு ஒரு ஷாட், சில இடத்தில் அரை பாருக்கு ஒன்று. கிட்டத்தட்ட 18 ஷாட் கொள்ளும். வரிகள் இல்லாததால் காலம் பின்னால் போவது உறுத்துவதில்லை. வாத்தியம் மாறும்போது இடமும் உடையும் வெளிச்சமும் மாறுகிறது, காதும் கண்ணும் ஒரே நேரத்தில் வேறு ஓர் அறைக்குள் போகின்றன. இன்டர்லூட் முடிந்து சரணத்தின் முதல் வரி வரும்போது திரும்ப மணவறை. ஆக, ரிசப்ஷன் மொத்தமும் ஒரே கட்டாக இங்கேயே இருந்தாக வேண்டும். அழகாக இருக்கிறதே என்று ஒரு ரிசப்ஷன் ஷாட்டைப் பல்லவிக்குள் தூக்கிப் போட்டால் வரிசை முழுவதும் குலைந்துவிடும், பார்க்கிறவருக்கு இது எந்த நாள் என்ற குழப்பம் வந்துவிடும்.

சரணத்தின் 53 செகண்டு முகங்களுக்கு. கன்னிகாதானத்தில் அப்பாவின் கை நடுங்குவது, அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் வார்ப்பது, தாலித் தட்டைப் பெரியவர்களிடம் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவது. இங்கே பத்து ஷாட்டுக்கு மேல் வேண்டாம். அழுகை வருகிற முகத்துக்கு ஐந்து செகண்டாவது கொடுங்கள்: அடக்கப் பார்ப்பது, முடியாமல் போவது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்புவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது அழுகை. பீட்டுக்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும் என்று இரண்டாவது செகண்டில் நறுக்கிவிட்டால் கண்ணில் தூசி விழுந்த மாதிரிதான் இருக்கும்.

சரணம் முடிந்து பல்லவி திரும்புவதற்கு நடுவில், பாட்டை நிறுத்துங்கள். இரண்டு பார், 4.8 செகண்டு. சரணத்தின் கடைசிச் சொல்லின் எதிரொலி அடங்கும்போது, அதன் அடியிலிருந்து அரை செகண்டுக்கு முன்பே கெட்டிமேளம் கிளம்பி மேலே வர வேண்டும். ஏன் பாட்டை நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நாகஸ்வரத்தின் சுருதி பாட்டின் சுருதியோடு சேராது, தவிலின் வேகமும் சேராது; இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் வெறும் இரைச்சல்தான். பாட்டை வைத்துக் கெட்டிமேளத்தை அமுக்கிவிட்டால், நம் ஊரில் எந்தச் சத்தத்தைக் கேட்டதும் பந்தியில் இருப்பவர்கூட எழுந்து நிற்கிறாரோ அந்தச் சத்தமே படத்தில் இல்லாமல் போகிறது.

இந்த 4.8 செகண்டும் இயல்பான வேகத்தில் ஓட வேண்டும், ஸ்லோ மோஷன் கூடாது. கேட்பது நிஜச் சத்தம். கண்ணும் அதே வேகத்தில் இருந்தால்தான் நம்பும். பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போடுவார். மாப்பிள்ளையின் விரல் மஞ்சள் கயிற்றைத் தேடித் தடுமாறுவது, பின்னாலிருந்து அக்காவின் கை வந்து வாங்கிக்கொள்வது, இது ஒரே ஷாட்டில் இருந்தால் வெட்டவே வேண்டாம், அப்படியே விடுங்கள். இருவரும் குனிந்திருப்பதால் முகம் தெரியாது, பரவாயில்லை. பல்லவியின் முதல் தட்டு விழும்போது இரண்டாவது கேமராவுக்குப் போய், அட்சதை விழும் முகத்தை ஸ்லோ மோஷனில் வையுங்கள். 50 ஃபிரேமில் எடுத்திருந்தால் 25 டைம்லைனில் பாதி வேகம் சுத்தமாக வரும், அது போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 120 ஃபிரேமில் எடுத்தால் மண்டபத்து டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் துடிக்க ஆரம்பித்துவிடும், அதை எடிட்டில் சரிபண்ணுவது பெரும்பாடு.

கெட்டிமேளச் சத்தத்தில் ஒரு தொந்தரவு உண்டு. தவில் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மேடைக் கேமராவின் மைக் வெடித்துப் போயிருக்கும். அலைவடிவத்தைப் பார்த்தால் மேலும் கீழும் தட்டையாக வெட்டினது போல் இருக்கும். வால்யூமைக் குறைப்பதால் அது சரியாகாது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மூன்றாவது கேமராவின் சத்தத்தை எடுத்துப் போடுங்கள். அதில் தூரம் தெரியும், கூட்டத்தின் சலசலப்பும் சேர்ந்திருக்கும், கேட்க அதுவே நன்றாக இருக்கும்.

கடைசிப் பல்லவியின் 43 செகண்டு: நெற்றி வகிட்டில் குங்குமம், அக்னி வலம், அம்மி மிதித்து மெட்டி, அருந்ததி பார்ப்பது. ஷாட்டுக்கு இரண்டு பார் வீதம் ஒன்பது ஷாட். மொத்தத்தில் சுமார் 50 ஷாட், படம் 3 நிமிடம் 12 செகண்டு.

இந்த வழியின் ஆபத்து கன்டினியூட்டி. எடிட்டர் சோர்ந்துபோன நேரத்தில் தப்பிவிடும், அத்தை பாட்டிகள் கண்ணில் தப்பாது. தாலிக்கு முந்தின பகுதியில் இருக்கும் ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி மூன்று இடம் பாருங்கள்: கழுத்தில் மஞ்சள் கயிறு, வகிட்டில் குங்குமம், கால் விரலில் மெட்டி. சடங்கெல்லாம் முடிந்த பிறகு எடுத்த அழகான குளோசப் ஒன்று பல்லவிக்குள் நுழைந்திருக்கும், அதில் மூன்றுமே இருக்கும். புடவையையும் கவனியுங்கள். மணவறைக்கு முதலில் வரும்போது ஒரு புடவை, கூரைப்புடவை வாங்கிக்கொண்டு போய் மாற்றி வரும்போது இன்னொன்று. இரண்டையும் கலந்துவிட்டால் பெண் உட்கார்ந்த இடத்திலேயே உடை மாற்றுவது போல் ஆகிவிடும். சில குடும்பங்களில் ரிசப்ஷன் முகூர்த்தத்துக்கு மறுநாளோ அன்று சாயங்காலமோ நடக்கும். அங்கே ரிசப்ஷன் ஷாட்டிலெல்லாம் தாலி இருக்கும், அதனால் அதை நடு இன்டர்லூட்டில் வைக்கவே முடியாது. அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு நடந்தபடியே போவதுதான் சரி. கடைசிப் பல்லவியை முழுக்க ரிசப்ஷனுக்குக் கொடுத்துவிடலாம், ஏறிய பாட்டோடு அதுவும் பொருந்தும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. மார்க்கர் வைத்துவிட்டோம் என்பதற்காக ஒவ்வொரு மார்க்கரிலும் வெட்டினால் பத்தாவது செகண்டிலேயே அடுத்த வெட்டு எப்போது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும், நகைக்கடை விளம்பரம் பார்ப்பது போல் இருக்கும். பகுதி மாறும் இடங்களில், அதாவது பல்லவி தொடக்கம், இன்டர்லூட் தொடக்கம், சரணம் தொடக்கம், இங்கே மட்டும் வெட்டு தட்டின் மேல் விழட்டும். நடுவில் இருக்கும் வெட்டுகளை அசைவு தீர்மானிக்கட்டும்: தலை திரும்பி முடிவது, மாலை தோளில் விழுவது, கை விலகுவது. மாலை தோளில் விழும் நொடியைத் தட்டின் மேல் வைத்து, வெட்டை அதற்கு அரை பார் தள்ளி வைத்துப் பாருங்கள், தாளம் ஷாட்டுக்குள்ளிருந்தே வரும். இன்டர்லூட்டில் மட்டும் எல்லா வெட்டும் தட்டின் மேலேயே விழலாம், அங்கே அதுதான் வேண்டும். பாட்டு திஸ்ர நடையில் இருந்தால் மூன்று தட்டுக்கு ஒரு தடவை மார்க்கர் வையுங்கள். நான்காக எண்ணினால் எல்லாம் கொஞ்சம் தப்பியே விழும்.

முடித்த பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாட்டு இல்லாமலேயே காலை, முந்தின நாள், மறுபடி காலை என்று புரிந்தால் வரிசை சரி. இன்டர்லூட்டிலிருந்து திரும்பும் இடத்தில் குழம்பினால் சரணத்தின் முதல் ஷாட்டாக ஒரு வைட் போடுங்கள், ஹோமமும் மணவறையும் ஒன்றாகத் தெரியும்படி. அப்புறம் கல்யாணத்துக்கு வராத ஒருவரிடம் சத்தத்தோடு காட்டுங்கள். அவர் 'இது யாரு?' என்று கேட்கும் இடமெல்லாம் குறைக்க வேண்டிய இடம்.

யூடியூபில் போட்டால் சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை விழும் என்பதை வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், விளம்பரம் வந்தால் பயப்பட மாட்டார்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று வேண்டும் என்று நிச்சயம் கேட்பார்கள். மூன்றாவது வழியில் செய்திருந்தால் இரண்டாவது வழி அதற்குள்ளேயே இருக்கிறது. சரணத்தின் கடைசி மூன்று பாரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: 7.2 செகண்டு முகங்கள், 4.8 செகண்டு கெட்டிமேளம், அப்புறம் கடைசிப் பல்லவியின் 43.2. மொத்தம் 55.2 செகண்டு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. பல்லவியில் இருக்கும் அம்மி, அருந்ததி ஷாட்டுகளில் பாதியை எடுத்துவிட்டு அங்கே இன்டர்லூட்டின் ரிசப்ஷன் ஷாட்டுகளைப் போடலாம், ரீலில் யாரும் நாள் கணக்குப் பார்க்கப்போவதில்லை. ஒரே ஒரு தடங்கல், செங்குத்து ஃபிரேமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரும் அடங்க மாட்டார்கள். ஒருவர் தோளில் வெட்டுப்படுவார். தாலி ஷாட்டை மட்டும் 4கே-யில் எடுத்திருந்தால் உள்ளே போய் வெட்டிக்கொள்ள இடம் இருக்கும், அதனால் அந்தக் கேமராவைக் கல்யாணத்துக்கு முன்பே 4கே-யில் மாற்றி வைக்கச் சொல்லிவிடுங்கள்.